நோட்பேடில் எழுதிய தமிழ்ப் பக்கம் சில கணினிகளில் மட்டும் à®¤à®®à®¿à®´à¯ என்று வருகிறது: தரம் 11 பாடத்துக்கு உதவி தேவை

முல்லை ரீச்சர்:

வணக்கம். தரம் 11 பிள்ளைகளுக்கு இணையப் பக்கம் செய்யும் பாடத்தைத் தொடங்கியிருக்கிறேன். ஊரில் தெரிந்த ஒரு விஷயத்தைப் பற்றி ஆளுக்கு ஒரு பக்கம் தமிழில் செய்ய வேண்டும். அதிகம் பேர் எடுத்தது பனை. மாதிரிக்குப் புழுக்கொடியல் செய்யும் முறையை நான் செய்து காட்டினேன்.

எங்கள் ஆய்வுகூடத்தில் பாதிக் கணினிகள் விண்டோஸ் 7, மீதி விண்டோஸ் 10. எல்லோரும் ஒரே தாளைப் பார்த்து ஒரே குறிகளைத்தான் தட்டினார்கள். ஆனால் விண்டோஸ் 10 கணினிகளில் உலாவியில் தமிழுக்குப் பதில் à®¤à®®à®¿à®´à¯ என்று வருகிறது. விண்டோஸ் 7 கணினிகளில் சிலருக்குச் சரியாக வருகிறது, சிலருக்கு ????? என்று கேள்விக்குறிகள். வீட்டில் தட்டி யூஎஸ்பியில் கொண்டுவந்த ஒரு மாணவிக்கு GOf;nfhbay; என்று வருகிறது. தாளில் இருந்தது இதுதான்:

```
<html>
<head>
<meta http-equiv="Content-Type" content="text/html; charset=iso-8859-1">
<title>பனை</title>
</head>
<body>
<h1>புழுக்கொடியல்</h1>
</body>
</html>
```

இரண்டு பாடவேளை சேர்த்து 80 நிமிடம் கிடைக்கிறது. இந்தக் குழப்பத்திலேயே பாதி நேரம் போய்விடுகிறது. காரணம் என்ன, பாடத்தை எந்த வரிசையில் கொண்டுபோகலாம் என்று சொன்னால் உதவியாக இருக்கும்.

கணினிக் குமரன்:

மிஸ், அந்த meta வரிதான் பிழை. iso-8859-1 என்பது மேற்கு ஐரோப்பிய எழுத்துகளுக்கானது. அதை எடுத்துவிட்டு இதைப் போடுங்கள், எல்லாக் கணினியிலும் சரியாகிவிடும்.

```
<meta charset="UTF-8">
```

தென்காசி சார்:

எனக்கும் இதே தலைவலி டீச்சர். எங்கள் பிள்ளைகளுக்குப் பக்கமே வராது. உலாவியில் திறந்தால் `<h1>` என்று தட்டியதெல்லாம் அப்படியே தெரியும். கடைசியில் பார்த்தால் கோப்பின் பெயர் `panai.html.txt` என்று இருந்தது. நோட்பேட் தானாக .txt சேர்த்துவிடும், விண்டோஸ் அந்தக் கடைசித் துண்டைக் காட்டாமல் மறைத்துவிடும். Save as type இடத்தில் All Files தேர்ந்த பிறகுதான் சரியானது. நீங்களும் அதைப் பாருங்கள்.

முல்லை ரீச்சர்:

நன்றி சார், அது எங்களுக்கு இல்லை. தலைப்பு பெரிதாகத்தான் வருகிறது, எழுத்துதான் குழம்புகிறது. குமரன் சொன்னபடி வரியை மாற்றினேன். விண்டோஸ் 10 கணினிகள் சரியாகிவிட்டன. ஆனால் ????? வந்தவர்களுக்கு அப்படியே இருக்கிறது. GOf;nfhbay; என்பதும் மாறவில்லை.

அச்சக அண்ணா:

ரீச்சர், உங்களிடம் இருப்பது ஒரு பிழை இல்லை, மூன்று. குமரன் சொன்னது முதல் பிழைக்குச் சரியான மருந்து, மற்ற இரண்டுக்கும் அது எடுபடாது.

முதலில் à® என்று வருவது. UTF-8 இல் தமிழ் எழுத்துக் குறி ஒவ்வொன்றும் மூன்று பைட்டாகச் சேமிக்கப்படுகிறது. உங்கள் தாளிலுள்ள வரி உலாவியிடம் "ஒவ்வொரு பைட்டும் ஓர் ஐரோப்பிய எழுத்து" என்று சொல்லிவிட்டது. ஆகவே 'த' என்ற ஓர் எழுத்தை அது à, ®, ¤ என்று மூன்றாக வாசித்துக் காட்டுகிறது. தமிழ்க் குறிகள் எல்லாவற்றுக்கும் முதல் பைட் ஒன்றேதான். அதனால்தான் திரும்பத் திரும்ப à வருகிறது. இதில் கோப்புக்கு எந்தச் சேதமும் இல்லை, வாசிக்கும் முறைதான் தவறு. வரியை மாற்றியதும் சரியானது அதனால்தான்.

அப்படியென்றால் அதே தவறான வரியோடு சில விண்டோஸ் 7 கணினிகளில் எப்படிச் சரியாக வந்தது? பழைய நோட்பேடில் Encoding இடத்தில் UTF-8 தேர்ந்தால், கோப்பின் தொடக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத மூன்று பைட் அடையாளம் ஒன்றையும் அது சேர்த்து எழுதும். உலாவி அந்த அடையாளத்தைக் கண்டால் meta வரி என்ன சொன்னாலும் பொருட்படுத்தாது. 2019 இல் வந்த விண்டோஸ் 10 இன் 1903 பதிப்பிலிருந்து நோட்பேட் UTF-8 ஐயே இயல்பாக எடுத்துக்கொள்கிறது, ஆனால் அந்த அடையாளத்தைச் சேர்ப்பதில்லை. ஆகவே உங்கள் தாளிலிருந்த பிழை பழைய கணினியில் மறைந்திருந்தது, புதியதில் வெளியே வந்தது.

இரண்டாவது, கேள்விக்குறிகள். விண்டோஸ் 7 நோட்பேட் இயல்பாக ANSI என்று சேமிக்கும். அதில் தமிழுக்கு இடமில்லை. சேமிக்கும்போது, எழுத்துகள் இழக்கப்படும் என்று ஓர் எச்சரிக்கை வரும். பிள்ளைகள் வாசிக்காமல் OK அழுத்தியிருப்பார்கள். 'தமிழ்' என்ற சொல்லில் ஐந்து குறிகள் (த, ம, ி, ழ, ்), அதற்குச் சரியாக ஐந்து கேள்விக்குறிகள் கோப்பில் எழுதப்பட்டுவிட்டன. இனி எந்த வரியை மாற்றினாலும் திரும்பி வராது. தமிழை மட்டும் மறுபடி தட்டி, UTF-8 தேர்ந்து சேமிக்க வேண்டும்.

மூன்றாவது, அந்த மாணவி பாமினியில் தட்டியிருக்கிறார். பாமினியில் கோப்புக்குள் இருப்பது ஆங்கில எழுத்துகளே, எழுத்துருதான் அவற்றுக்குத் தமிழ் உருவம் கொடுக்கிறது. jkpo; என்பது 'தமிழ்', GOf;nfhbay; என்பது உங்கள் 'புழுக்கொடியல்'.

எது எந்தப் பிழை என்று பிள்ளைகளே கண்டுபிடிக்கலாம். அந்தக் கோப்பை மறுபடி நோட்பேடில் திறக்கச் சொல்லுங்கள். நோட்பேடில் தமிழ் நன்றாக இருந்து உலாவியில் மட்டும் à® வந்தால் வரி பிழை. நோட்பேடிலும் ????? என்றால் எழுத்து போய்விட்டது. நோட்பேடிலேயே jkpo; போல இருந்தால் பாமினி. ஒன்று கவனியுங்கள்: நோட்பேடின் எழுத்துருவைப் பாமினிக்கு மாற்றி வைத்திருந்தால் அது தமிழாகத்தான் தெரியும். Format, Font என்று போய் Arial க்கு மாற்றிவிட்டுப் பாருங்கள்.

செல்வி:

பாமினிதான் பிரச்சினை என்றால், பக்கத்திலேயே எழுத்துருவைப் பாமினி என்று குறித்துவிடலாமே? எங்கள் வீட்டில் எல்லோரும் பாமினியில்தான் தட்டுகிறோம். புதிய விசைப்பலகை பழக நேரம் எடுக்கும்.

அச்சக அண்ணா:

செல்வி, அந்த எழுத்துரு நிறுவியிருக்கும் கணினியில் மட்டும் அது தெரியும். தொலைபேசியில் திறந்தால் மறுபடி jkpo; தான். ஆனால் குறி எழுதும் பாடத்தில் அதைவிடப் பெரிய தொல்லை ஒன்று இருக்கிறது. பாமினியில் ஈ எழுத்துக்கான விசை `<`. ஒரு பிள்ளை 'ஈரம்' என்று தட்டினால் கோப்பில் விழுவது இது:

```
<p><uk;</p>
```

உலாவி `<uk;` என்பதை ஒரு குறியின் தொடக்கம் என்று எடுத்துக்கொள்ளும். அடுத்த `>` வரும்வரை எல்லாவற்றையும் விழுங்கிவிடும். அந்தச் சொல்லும் போய், பத்தியை மூடும் குறியும் போய்விடும். பிள்ளை என்ன தேடினாலும் காரணம் தெரியாது.

வீட்டில் தட்டியதை யுனிகோடுக்கு மாற்றும் கருவிகள் இருக்கின்றன. ஆனால் கோப்பை முழுதாகப் போட்டால் `<p>` என்பதையும் தமிழாக்கிவிடும். தமிழ்ப் பகுதியை மட்டும் வெட்டி மாற்றி, திரும்ப ஒட்ட வேண்டும்.

முல்லை ரீச்சர்:

இப்போதுதான் விளங்குகிறது அண்ணா, மிக்க நன்றி. ஒரு பையனின் பக்கத்தில் சொற்கள் காணாமல் போனதற்கும் இதுதான் காரணமாக இருக்க வேண்டும். பாட வரிசை பற்றியும் சொல்லுங்கள்.

அச்சக அண்ணா:

நான் சனிக்கிழமைகளில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் வரிசையைச் சொல்கிறேன். முதலில் குறி எதுவும் இல்லை. File Explorer இல் View போய் File name extensions என்பதை இயக்கச் சொல்வேன். விண்டோஸ் 7 இல் அது Folder Options உள்ளே இருக்கும். பிறகு நோட்பேடில் புழுக்கொடியல் செய்முறையை வெறும் தமிழில், படி ஒன்றுக்கு ஒரு வரியாக எழுதுவார்கள்: கிழங்கைத் தோண்டி எடுக்க, தோல் உரிக்க, அவிக்க, வெயிலில் உலர்த்த. `panai.html` என்ற பெயர், All Files, UTF-8. சேமிக்கும் இந்த மூன்றையும் கரும்பலகையில் எழுதி வைப்பேன், பாடம் முடியும்வரை அழிக்க மாட்டேன்.

அதை உலாவியில் திறந்தால் நான்கு வரியும் ஒட்டி ஒரே வரியாக ஓடும். நோட்பேடில் அழகாகத் தனித்தனி வரியாக இருந்ததே என்று பிள்ளைகள் கேட்பார்கள். குறி எதற்கு என்று சொல்ல அதுதான் சரியான இடம். Enter அழுத்தியதை உலாவி வெறும் இடைவெளியாகத்தான் பார்க்கிறது, எது தலைப்பு, எது படி என்று நாம்தான் சொல்ல வேண்டும். தலைப்புக்கு `<h1>` போட்டுச் சேமித்து F5 அழுத்திப் பார்க்க வேண்டும். அப்புறம் செய்முறைக்கு:

```
<ol>
<li>தோல் உரிக்க</li>
<li>அவிக்க</li>
</ol>
```

எண்கள் தாமாக வரும். நடுவில் ஒரு படியைச் சேர்க்கச் சொல்லுங்கள், எண்கள் தாமாக மாறுவதைப் பார்த்தால் `<ol>` எதற்கு என்று விளக்கவே வேண்டாம். ஒரு குறி, ஒரு Ctrl+S, ஒரு F5. அதற்கு மேல் ஒரே நேரத்தில் எழுத விடாதீர்கள். எங்கே உடைந்தது என்று அப்போதுதான் தெரியும். `<html>`, `<head>`, meta எல்லாம் கடைசி இருபது நிமிடத்தில் வரட்டும்.

கணினிக் குமரன்:

இதில் எனக்கு உடன்பாடில்லை அண்ணா. charset வரி இல்லாமல் தொடங்கினால் பழைய உலாவியில் முதல் பக்கமே குழம்பும். முழுச் சட்டகத்தையும் ஒரு கோப்பாகக் கொடுத்து, body உள்ளே மட்டும் எழுதச் சொல்வது நல்லது. பரீட்சையிலும் முழு அமைப்பைத்தானே கேட்பார்கள்? நோட்பேடுக்குப் பதில் Notepad++ நிறுவினால் Encoding தொல்லையும் குறையும், குறிகளுக்கு நிறமும் வரும்.

அச்சக அண்ணா:

பழைய உலாவி பற்றிச் சொன்னது உண்மை குமரன். இப்போதைய உலாவிகள் கணினியிலுள்ள கோப்பில் UTF-8 ஐத் தாமே ஊகித்துவிடும், பழையவை அப்படிச் செய்யாது. ஆனால் சட்டகத்தைக் கையில் கொடுத்த பிள்ளைகள், வெறும் கோப்பு கொடுத்தால் என்ன செய்வதென்று தெரியாமல் நிற்பதைப் பார்த்திருக்கிறேன். Notepad++ நல்லதுதான், நிறுவ அனுமதி இருந்தால்.

தென்காசி சார்:

எங்கள் லேபில் எதையும் நிறுவ அட்மின் பாஸ்வேர்டு வேண்டும், அது எங்களிடம் இல்லை. அதனால் நோட்பேட்தான். வெறும் தமிழை முதலில் திறந்து காட்டும் யோசனையை வரும் வாரம் செய்து பார்க்கிறேன்.

முல்லை ரீச்சர்:

இன்று செய்து பார்த்தேன். வரிகள் ஒட்டிக்கொண்டு ஓடியதும் வகுப்பே கேள்வி கேட்டது. கேள்விக்குறி வந்தவர்கள் மறுபடி தட்டிச் சரிசெய்துவிட்டார்கள். குமரனுக்காகச் சொல்கிறேன், மெதுவாகத் தட்டும் பிள்ளைகளுக்குச் சட்டகம் எழுத நேரம் போதவில்லை, அவர்களுக்கு அதைக் கோப்பாகக் கொடுத்தேன்.

ஒரு விண்டோஸ் 10 கணினியில் மட்டும் இன்னும் à® வருகிறது. UTF-8 வரி இருக்கிறது, நானே பார்த்தேன். சேமித்து F5 உம் அழுத்தியாயிற்று.

அச்சக அண்ணா:

அந்த வரிக்கு மேலே பழைய iso-8859-1 வரி அழிக்கப்படாமல் இருக்கிறதா பாருங்கள். இரண்டும் இருந்தால் உலாவி முதலில் வருவதைத்தான் எடுக்கும். அது இல்லையென்றால் நோட்பேடின் கீழ் வலது மூலையில் என்ன Encoding காட்டுகிறது என்றும், முகவரிப் பட்டையில் இருப்பது அதே கோப்பின் பெயர்தானா என்றும் பார்த்து எழுதுங்கள்.

முல்லை ரீச்சர்:

ஆய்வுகூடத்தைப் பூட்டிவிட்டார்கள் அண்ணா. திங்கட்கிழமை பார்த்துவிட்டு எழுதுகிறேன்.