அப்பா இறந்த பிறகு அவரோட பணம் எங்கெங்க இருக்குன்னு தேடினது: உங்க அனுபவத்தையும் சொல்லுங்க

கயல்:
அப்பா 2023ல இறந்துட்டாரு. பென்ஷன் வர்ற சேவிங்ஸ் அக்கவுண்ட் ஒண்ணுதான் எங்களுக்குத் தெரியும். எல்லாரும் சொன்னாங்கன்னு, யாரும் கேக்காம கிடக்கற பேங்க் பணத்தைத் தேடற ஆர்பிஐயோட உத்கம் சைட் (udgam.rbi.org.in) போய் மொபைல் நம்பர் கொடுத்து ரிஜிஸ்டர் பண்ணி, அப்பா பேரு, பேன் நம்பர் போட்டு எல்லா பேங்கையும் செலக்ட் பண்ணித் தேடினேன், ஒண்ணுமே வரல. சரி, வேற எதுவும் இல்லன்னு அம்மா விட்டுட்டாங்க. எனக்கு மனசு ஒப்பல.

அப்பாவோட பாஸ்புக் 2007ல இருந்து எல்லாம் பைண்ட் பண்ணி வெச்சிருந்தாரு. அதை எடுத்து உக்காந்து வரி வரியா பார்த்தேன். வருஷா வருஷம் ஆகஸ்ட் கடைசில ஒரே தொகை ஈசிஎஸ்ல போயிருக்கு, பக்கத்துல இன்சூரன்ஸ் கம்பெனி பேர் பாதியா கட் ஆகி இருக்கு, அதுக்கப்புறம் ஒரு நீள நம்பர். 2015 வரைக்கும் போயிருக்கு, அப்புறம் நின்னுடுச்சு. அந்த நம்பரை எடுத்துட்டுப் போய் இன்சூரன்ஸ் ஆபீஸ்ல கேட்டா, இருபது வருஷ என்டோமென்ட் பாலிசி, சம் அஷ்யூர்டு ரெண்டு லட்சம், ஒன்பது பிரீமியம் கட்டியிருக்கு. லேப்ஸ் ஆயிடுச்சு, ஒண்ணும் வராதுன்னுதான் வீட்ல எல்லாரும் சொன்னாங்க. ஆனா அந்த மாதிரி பழைய பாலிசில மூணு வருஷம் முழுசா கட்டியிருந்தாலே பெய்ட்-அப் ஆயிடும். இருபதுல ஒன்பது பங்கு, அதாவது 90,000, அதோட 2015 வரைக்கும் சேர்ந்த போனஸ். டெத் சர்டிபிகேட், நாமினியான அம்மாவோட ஐடி, பேங்க் விவரம் கொடுத்தோம். பாண்ட் பேப்பர் கிடைக்கல, அதுக்கு இன்டெம்னிட்டி எழுதி வாங்கிக்கிட்டாங்க. பணம் வந்துடுச்சு.

இந்தப் பாலிசி ஏன் உங்க கம்பெனியோட அன்க்ளைம்டு லிஸ்ட்ல வரலைன்னு கேட்டதுக்கு அந்த ஆபீஸ்ல இருந்த மேடம் சொன்னாங்க, "உங்கப்பா இறந்ததே எங்களுக்கு இப்பத்தானே தெரியும், எங்க கணக்குல இது 2027ல மெச்சூர் ஆகற பாலிசி"ன்னு. அப்பத்தான் எனக்கு உறைச்சுது. அந்த லிஸ்ட்ல வர்றது கொடுக்க வேண்டிய தேதி வந்தும் யாரும் வாங்காத பணம் மட்டும்தான்.

பழைய கேஷியர்:
கயல் சொன்னது ரொம்ப முக்கியம்மா. உத்கமும் அதே கதைதான். பத்து வருஷம் யாரும் தொடாம கிடந்து ஆர்பிஐயோட டெபாசிட்டர் ஃபண்டுக்குப் போன கணக்குதான் அதுல இருக்கும். போன வருஷம் இறந்தவரோட ஓடிட்டிருக்கற எஃப்டி அதுல எப்படி வரும்? ஆட்டோ ரினியூவல் போட்டிருந்தா அவர் இறந்ததே தெரியாம பேங்க் அதைப் புதுப்பிச்சுக்கிட்டே இருக்கும். போஸ்ட் ஆபீஸ் கணக்கும் அதுல கிடையாது, நெறைய கூட்டுறவு பேங்கும் கிடையாது.

சமீபத்துல இறந்தவங்களுக்கு நான் சொல்றது இன்கம் டாக்ஸ் சைட்தான். டெத் சர்டிபிகேட், வாரிசு சான்றிதழ் போட்டு லீகல் ஹேர்னு ரிஜிஸ்டர் பண்ணிக்கோங்க. அப்புறம் அவரோட 26ASயும் AISயும் பாருங்க. எந்த பேங்க் வட்டி கொடுத்துச்சு, எந்தக் கம்பெனி டிவிடெண்ட் கொடுத்துச்சுன்னு பேரோட இருக்கும். வரி பிடிக்க வேண்டாம்னு 15ஹெச் ஃபார்ம் கொடுத்தவங்களுக்கு டிடிஎஸ் பிடிக்க மாட்டாங்க, அதனால 26ASல டிடிஎஸ் இல்லன்னா விட்டுடாதீங்க, AISல வட்டி வந்திருக்கான்னு பாருங்க.

கயல், உத்கம்ல பேரை ஒரே ஸ்பெல்லிங்ல தேடிட்டு நிறுத்திட்டீங்களா? அப்பல்லாம் ஃபார்ம் பூர்த்தி பண்றவர் காதுல விழுந்த மாதிரி எழுதுவாரு. சண்முகம்னா SHANMUGAM, SHUNMUGAM, SHANMUGHAM, மூணும் இருக்கும். இனிஷியல் முன்னாடி, பின்னாடி, அப்பா பேரை விரிச்சு, எல்லாம் மாத்தி மாத்திப் போடுங்க. பழைய கணக்குல பேன் இருக்கவே இருக்காது, அதனால பேனுக்குப் பதிலா பிறந்த தேதி, இல்லன்னா அந்தக் காலத்து அட்ரஸ் போட்டுப் பாருங்க.

கயல்:
ஐயா, நீங்க சொன்ன மாதிரி இனிஷியலை விரிச்சு, நாங்க முன்னாடி குடியிருந்த வீட்டு அட்ரஸ் போட்டுத் தேடினேன், ஒண்ணு வந்துடுச்சு!! அந்த டெபாசிட்டுக்கான அடையாள நம்பர், யூடிஆர்என்னு, அதையும் காட்டுது. அப்பா டிரான்ஸ்ஃபர் ஆகறதுக்கு முன்னாடி வெச்சிருந்த சேவிங்ஸ் அக்கவுண்ட். அந்த பேங்க் இப்போ வேற பேங்க்கோட சேர்ந்துடுச்சு. பிராஞ்ச்ல போய் கேட்டா, "பணம் ஆர்பிஐக்குப் போயாச்சு, அங்கதான் கேக்கணும்"னு அனுப்பிட்டாங்க.

பழைய கேஷியர்:
தப்பு. வாரிசுக்குப் பணம் கொடுக்க வேண்டியது பேங்க்தான், கொடுத்துட்டு அவங்க ஆர்பிஐகிட்ட திரும்ப வாங்கிப்பாங்க. நீங்க ஆர்பிஐ பக்கமே போக வேண்டாம். டெத் கிளைம் ஃபார்ம், யூடிஆர்என் பிரின்ட் எல்லாம் எழுத்துல கொடுத்து, வாங்கிக்கிட்டதுக்கு சீல் வெச்ச காப்பி வாங்கிடுங்க. ஃபண்டுக்குப் போனாலும் வட்டி உண்டு, இப்போ 3 சதவீதம். பேப்பர் எல்லாம் சரியா கொடுத்த நாள்ல இருந்து பதினஞ்சு நாளைக்குள்ள முடிக்கணும். இழுத்தா அந்த பேங்க்கோட நோடல் ஆபீசருக்கு எழுதுங்க.

ரவி_எஸ்:
நாமினி இருந்தா இவ்வளவு அலையவே வேண்டாம். நாமினி பேர்ல இருந்தா பணம் அவருக்குத்தான், வாரிசு யாரும் கேக்கவே முடியாது. எங்க மாமா கணக்குல அத்தை நாமினி, பேங்க்ல வாரிசு சான்றிதழே கேக்கல.

பழைய கேஷியர்:
பேங்க் கேக்காது, அது சரி. நாமினிகிட்ட கொடுத்துட்டா பேங்கோட பொறுப்பு முடிஞ்சுது. ஆனா நாமினி அந்தப் பணத்தை வாரிசுங்க சார்பா வாங்கறவர்தான். பசங்க தங்களோட பங்கு வேணும்னு கோர்ட்டுக்குப் போனா கேக்கலாம். கம்பெனி ஷேருக்கும் அப்படித்தான்னு சுப்ரீம் கோர்ட் 2023 டிசம்பர்ல சொல்லிடுச்சு.

ரவி_எஸ்:
எங்க வீட்ல அப்படி யாரும் கேக்கல சார், அதனால எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான்.

நிலாப்பெண்:
எனக்கு ஒரு டவுட். நான் வேலை மாறினதுல பழைய சேலரி அக்கவுண்ட் ரெண்டு வருஷத்துக்கு மேல தொடவே இல்ல, இனாப்பரேட்டிவ்னு மெசேஜ் வருது. உத்கம்ல தேடி கிளைம் பண்ணணுமா?

பழைய கேஷியர்:
வேண்டாம்மா, அது உங்க கணக்கு, உங்க பேங்க்லயேதான் இருக்கு. ஆதார், பேன் எடுத்துட்டுப் போய் கேஒய்சி பண்ணினா திறந்துடுவாங்க.

முத்து_கே:
மியூச்சுவல் ஃபண்டுக்கு 2025ல மித்ரான்னு ஒண்ணு வந்திருக்கு, கேம்ஸ், கேஃபின் சைட்ல இருக்கு. பத்து வருஷம் எந்த டிரான்சாக்ஷனும் இல்லாத ஃபோலியோவைத் தேடலாம். எங்க பெரியம்மாவோடது ஒண்ணு அதுல கிடைச்சுது.

என் பிரச்சனை வேற. தாத்தா பேர்ல பேப்பர் ஷேர் சர்டிபிகேட் இருக்கு, அந்தக் கம்பெனி பேர் ரெண்டு தடவை மாறிடுச்சு. ஏழு வருஷமா டிவிடெண்ட் வாங்காததால ஷேரே ஐஇபிஎஃப்ங்கற அரசாங்க ஃபண்டுக்குப் போயிடுச்சுன்னு கம்பெனியோட ரிஜிஸ்ட்ரார் சொல்றாங்க. சர்டிபிகேட்ல தாத்தா பேரு ஒரு மாதிரி, டெத் சர்டிபிகேட்ல வேற மாதிரி. ரெண்டும் ஒரே ஆள்னு அஃபிடவிட் கொடுத்தோம், அது போதாதுங்கறாங்க. எங்களுக்கு உரிமை உண்டுன்னு கம்பெனி என்டைட்டில்மென்ட் லெட்டர் கொடுத்தாத்தான், ஷேரைத் திரும்பக் கேக்கற ஐஇபிஎஃப்-5 ஃபார்மே போட முடியும். இதைத் தாண்டி வந்தவங்க யாராவது இருக்கீங்களா?

பழைய கேஷியர்:
ஷேர் பக்கம் எனக்கு அவ்வளவு பழக்கம் இல்ல தம்பி. பேங்க்ல நாங்க பழைய ரேஷன் கார்டு, பென்ஷன் புக், பத்திரம்னு, ரெண்டு விதமா எழுதின பேரும் ஒண்ணா வர்ற ஏதாவது ஒரு பேப்பரைக் கேப்போம். தாத்தா வாங்கின நிலப் பத்திரத்துல எந்தப் பேர் இருக்குன்னு பாருங்க.

முத்து_கே:
பத்திரம் சித்தப்பா வீட்ல இருக்கு ஐயா, கேட்டுப் பார்க்கறேன்.