வெள்ளையா பூத்தா பூஞ்சணம்தானா? போட்டோவில் ஏமாற்றிய சுவர்கள்

செங்கல்சூளை:
போன வாரம் ஒருத்தர் அனுப்பின போட்டோ மனசை விட்டுப் போகல. படுக்கையறைச் சுவர், தரையிலிருந்து ரெண்டடி உயரத்துக்குப் பஞ்சு மாதிரி வெள்ளை. பார்த்த எல்லாரும் பூஞ்சணம்னுதான் சொன்னோம். ஃபிளாஷ் போட்டு நேரா எடுத்த படம், மேடு பள்ளமே தெரியல. லைட்டை அணைச்சுட்டு, செல்போன் டார்ச்சைச் சுவரோட ஒட்டிப் பக்கவாட்டுல அடிச்சு மறுபடி எடுக்கச் சொன்னேன். அந்தப் பஞ்சு முழுக்க ஊசி ஊசியா மினுங்குது! உப்பு. தண்ணி தெளிச்சதும் கரைஞ்சுது, காய்ஞ்சதும் மறுபடி பூத்துடுச்சு.

கீழ்த்தளம்:
எங்க வீட்ல பீரோவுக்குப் பின்னாடி கருப்பா புள்ளி புள்ளியா இருக்கு. அதுவும் உப்பா? எந்தப் பெயிண்ட் அடிக்கலாம்?

ரோலர்பிரஷ்:
கரைஞ்சா உப்பு, கரையலன்னா பூஞ்சணம். நல்லா கழுவிட்டு டேம்ப் ப்ரூஃப் ரெண்டு கோட் அடிங்க, முடிஞ்சுது.

பழைய மேஸ்திரி:
முடியாது தம்பி. கரையாத வெள்ளையும் இருக்கு. சிமெண்ட்லேர்ந்து கசியுற சுண்ணாம்பு காத்துபட்டு இறுகிட்டா தண்ணிக்கு அசையாது, வினிகர் ஒரு சொட்டு விட்டா நுரைக்கும். பெயிண்டுக்கு அடியில பூசுற பட்டி மேல மட்டும் இதைச் செய்யாதீங்க, பட்டியே நுரைச்சு ஏமாத்திடும்.

போட்டோ கேட்கும்போது உரிஞ்ச பெயிண்ட் சில்லோட பின்பக்கத்தையும் கேளுங்க. மினுங்குற தூள் ஒட்டியிருந்தா, உள்ளேயிருந்து உப்பு தள்ளியிருக்கு. சுவர் காய்ஞ்சிருந்து, வெறும் பட்டி மாவு மட்டும் ஒட்டியிருந்தா பிரைமர் அடிக்காத கோளாறா இருக்கலாம், ஓதம்னு பயப்பட வேண்டாம்.

உப்பைக் கழுவவும் கூடாது. கரைஞ்ச உப்பைச் சுவர் திரும்பக் குடிச்சிடும். காய்ஞ்ச பிரஷ்ஷால தட்டி, தூளை முறத்துல வாங்கி வெளிய கொட்டணும். ஈரம் வர்ற வழியை அடைக்காம மேல பெயிண்ட் அடிச்சா உப்பு பின்னாலேயே சேர்ந்து படலத்தைப் பிளந்துடும், இல்லன்னா கறை இன்னும் மேலே ஏறும்.

கீழ்த்தளம் அம்மா, உங்களுது பூஞ்சணம் மாதிரி இருக்கு. ஒரு புள்ளி மேல பிளீச் ஒரு சொட்டு விடுங்க. ரெண்டு நிமிஷத்துல வெளுத்தா பூஞ்சணம், வெளுக்கலன்னா அழுக்கா இருக்கும். பீரோவை அரையடி முன்னால இழுத்துக் காத்துப் போக விடுங்க. பெயிண்ட் அப்புறம்.

கீழ்த்தளம்:
வெளுத்துடுச்சு ஐயா. ஆனா அது வெளிச்சுவர், மழை அடிக்கிற பக்கம்.

பழைய மேஸ்திரி:
அப்போ ஓரடிச் சதுரத்துக்குப் பாலிதீன் வெச்சு நாலு ஓரமும் டேப் ஒட்டி ரெண்டு நாள் விடுங்க. சுவரைப் பார்த்த பக்கம் வேர்த்தா ஈரம் சுவருக்குள்ளேர்ந்து வருது. அறையைப் பார்த்த பக்கம் வேர்த்தா அறைக் காத்தோட ஈரம்.

செங்கல்சூளை:
அந்தப் படுக்கையறையிலயும் வெச்சுப் பார்த்தாங்க மேஸ்திரி, சுவர்ப்பக்கம்தான் வேர்த்துது. பின்னாடி பாத்ரூம். அதை அஞ்சு நாள் பூட்டி வெச்சும் கறை குறையல. தரையிலேர்ந்து ஏறுதோ?

ரோலர்பிரஷ்:
பாத்ரூம் குற்றமில்லன்னு ஆயிடுச்சே.

பழைய மேஸ்திரி:
அஞ்சு நாள்ல ஊறின சுவர் காயாது. ஒரு மாசமாவது பூட்டி, கறையோட ஓரத்தைப் பென்சில்ல கோடு போட்டு வாரம் ஒரு படம் எடுக்கச் சொல்லுங்க. பூட்டின நாள்ல பாத்ரூமுக்குப் போற பைப்புல தண்ணி வர்றதை நிறுத்தியிருந்தாங்களா, அதையும் கேளுங்க.