கல்லீரலைக் கழுவினேன், பச்சைக் கல் வந்தது, ஆனால் ஸ்கேனில்...

மழைக்காலம்: நான் செய்த கூத்தை எழுதிவிடுகிறேன், திட்டுபவர்கள் திட்டிக்கொள்ளலாம். ஸ்கேனில் பித்தப்பையில் நான்கு கல், பெரியது 8 மில்லிமீட்டர். எப்போதாவதுதான் வலிக்கும். ஆபரேஷனுக்குப் பயந்து, காணொளியில் பார்த்த ‘லிவர் கிளென்ஸ்’ செய்தேன். பகல் முழுக்க ஆப்பிள் சாறு மட்டும், சாயங்காலம் எப்சம் உப்பு கரைத்த தண்ணீர், இரவில் ஒரு டம்ளர் ஆலிவ் எண்ணெயில் எலுமிச்சைச் சாறு கலந்து மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்துவிட்டு வலப்பக்கமாகப் படுத்தேன். காலையில் பட்டாணி அளவில் பச்சை உருண்டைகள், முப்பதுக்கு மேல், தண்ணீரில் மிதந்தன. சந்தோஷத்தில் அழுதே விட்டேன். அள்ளிக் கழுவி டப்பாவில் போட்டு ஃப்ரிட்ஜில் வைத்தேன் (ஆமாம், வைத்தேன்). பத்து நாள் கழித்து மறுபடி ஸ்கேன். அதே நான்கு கல், அதே 8. அப்படியானால் டப்பாவில் இருப்பது என்ன?

தென்றல்: அது கல்லீரலுக்குள் இருந்த கல்லாக இருக்கும். கல்லீரல் ஒரு வடிகட்டிதானே, வருஷக்கணக்கில் அடைந்த கசடு வந்திருக்கிறது. பித்தப்பைக் கல்லுக்கு இன்னும் நான்கைந்து தடவை செய்யவேண்டும். நான் இரண்டு தடவை செய்தேன், உடம்பு பஞ்சு மாதிரி ஆனது.

லேப்காரன்: ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன், இந்த மாதிரி டப்பாக்களை நேரில் பார்த்திருக்கிறேன். மழைக்காலம், ஒரு உருண்டையை 40 டிகிரி வெந்நீரில், அதாவது கை பொறுக்கும் சூட்டில், பத்து நிமிடம் போட்டுப் பாருங்கள், என்ன ஆகிறது என்று சொல்லுங்கள்.

தென்றல், கல்லீரலுக்குள்ளும் கல் வருவதுண்டு, அந்த மட்டும் சரி. ஆனால் முப்பது கல் இருந்திருந்தால் முதல் ஸ்கேனிலேயே தெரிந்திருக்கும். வடிகட்டி என்பதுதான் இடிக்கிறது. வடிகட்டியில் அழுக்கு தங்கும், கல்லீரல் தன்னிடம் வருவதை வேறொன்றாக மாற்றி அனுப்பிவிடும். குடலிலிருந்து வரும் அம்மோனியாவை யூரியாவாக்கி ரத்தத்தில் விடுகிறது, அது சிறுநீரில் போய்விடுகிறது. இந்த வேலை நின்றுபோனவருக்கு ‘உடம்பு கனமாக’ இருக்காது, புத்தி தடுமாறும், கை உதறும், அவர் இருக்கவேண்டிய இடம் ஆஸ்பத்திரி.

பூவரசு: அம்மாவுக்கு ஃபேட்டி லிவர். எண்ணெயைப் பாதியாகக் குறைத்து இதைக் கொடுக்கலாமா?

லேப்காரன்: வேண்டாம். அது கல்லீரல் செல்லுக்குள் சேர்ந்திருக்கும் கொழுப்பு, பேதியில் போகாது. எடை மெல்லக் குறைந்தால் அதுவும் குறையும்.

மழைக்காலம்: போட்டேன். ஏழாவது நிமிடமே கரைந்து, பச்சை எண்ணெயாக மேலே மிதக்கிறது. கொஞ்சம் அவமானமாகத்தான் இருக்கிறது.

லேப்காரன்: அவமானம் எதற்கு? 2005ல் லான்செட் இதழில் இதே கதை வந்தது. ஒரு பெண்மணி 600 மில்லி ஆலிவ் எண்ணெயும் 300 மில்லி எலுமிச்சைச் சாறும் குடித்துவிட்டு ‘கல்’ கொண்டுவந்தார். சோதித்தால் முக்கால் பங்கு கொழுப்பு அமிலம். கொலஸ்ட்ரால் இல்லை, கால்சியம் இல்லை, பிலிருபினும் இல்லை, அதாவது பித்தக் கல்லில் இருக்கவேண்டிய எதுவுமே இல்லை. குடித்த எண்ணெயைக் குடல் உடைக்கிறது, வரும் கொழுப்பு அமிலம் எலுமிச்சையில் இருக்கும் பொட்டாசியத்தோடு சேர்ந்து சோப்பாகத் திரள்கிறது. பச்சை நிறம் பித்தம் கொடுப்பது. எண்ணெய் குடித்தால் யாருக்கும் வரும், கல்லே இல்லாதவருக்கும். அந்தப் பெண்மணியின் நிஜக் கற்கள் பித்தப்பையிலேயே இருந்தன, கடைசியில் ஆபரேஷன்தான்.

எனக்குப் பயம் வேறு. அவ்வளவு எண்ணெய் ஒரேயடியாக உள்ளே போனால் பித்தப்பை இறுக்கிப் பிழியும். 8 மில்லிமீட்டர் கல் பெரும்பாலும் இருந்த இடத்திலேயே கிடக்கும். கூட இருக்கும் சின்னது நழுவிப் பித்தக்குழாயில் மாட்டினால் மஞ்சள் காமாலை, கணையமும் வீங்கலாம். வலி முதுகுக்குப் பரவினாலோ, காய்ச்சலோடு கண் மஞ்சளானாலோ அன்றைக்கே ஓடுங்கள்.

ஒற்றைப்பனை: நான் பானம் குடிக்கவில்லை, ‘டீடாக்ஸ்’ மாத்திரை, அடர்த்தியாக்கிய கிரீன் டீ சாறு. ஆறாவது வாரம் சிறுநீர் அடர்மஞ்சள், பிறகு கண். கல்லீரல் என்சைம் பல மடங்கு ஏறியிருந்தது. நிறுத்தியபின் இறங்க இரண்டு மாதம் பிடித்தது. கல்லீரலுக்கு நல்லது என்று வாங்கியது அது! டாக்டர் கேட்டபோது ‘மருந்து எதுவும் சாப்பிடவில்லை’ என்றுதான் முதலில் சொன்னேன், அதை மருந்தாகவே நான் நினைக்கவில்லை.

தென்றல்: சரி, சோப்பு என்றே வைத்துக்கொள்வோம். எனக்கு உடம்பு லேசானது பொய்யா?

லேப்காரன்: பொய் என்று சொல்லமாட்டேன். எப்சம் உப்பு குடலுக்குள் தண்ணீரை இழுத்துப் பேதியாக்கும், நாள் முழுக்கச் சாப்பாடும் இல்லை, வயிறு காலி. இதற்குமேல் ஏதாவது இருக்கிறதா என்றால், கல்லீரல் சம்பந்தமாக எனக்குத் தெரிந்து இல்லை.

தென்றல்: எனக்கு இன்னும் முழுசாகச் சமாதானமில்லை.

மழைக்காலம்: சர்ஜனைப் பார்க்க வியாழக்கிழமை நேரம் வாங்கியிருக்கிறேன், உடனே எடுக்கச் சொல்வாரா, வலி அடிக்கடி வரட்டும் என்பாரா, தெரியவில்லை. மிச்சமிருந்த உருண்டைகளைக் கொட்டிவிட்டேன். வீட்டுக்காரர் இப்போதுதான் கேட்கிறார், அந்தப் பச்சை டப்பா ஊறுகாய் இல்லையா என்று.