அணை நிலவரச் சுருக்கத்தில் எதை வெட்டலாம்? யோசனை வேண்டும்

டெல்டா பக்கம் இருக்கிற சிலருக்காகத் தினமும் காலையில் மேட்டூர் நிலவரம் தொகுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன். பாதிப் பேர் பஸ்ஸில் நின்றுகொண்டேதான் படிக்கிறார்கள், நீளமானால் செயலி பாதியில் மறைத்துவிடுகிறது, அதற்குக் கீழே இருப்பதை யாரும் திறப்பதில்லை.

நீர் இருப்பை எடுத்துவிடலாம் என்று நினைக்கிறேன். நீர்மட்டம் தெரிந்தாலே இருப்பு தெரிந்துவிடும் (120 அடி என்றால் 93.47 டிஎம்சி). ஆனால் வரத்தும் திறப்பும் வேண்டும். வினாடிக்கு 18,000 கன அடி வந்து 12,000 வெளியே போனால் மிச்சம் 6,000. 11,574 கன அடி ஒரு நாள் முழுக்க ஓடினால் 1 டிஎம்சி, ஆக அணையில் அரை டிஎம்சி கூடுகிறது. இதை "ஏறுமுகம், அரை டிஎம்சி" என்று மட்டும் போட்டால் போதுமா, இல்லை இரண்டு எண்ணும் வேண்டுமா?

கேஆர்எஸ், கபினி மட்டத்தை வெட்டிவிட்டு, அங்கிருந்து திறக்கும் அளவை மட்டும் வைக்கலாம், ஏனென்றால் இங்கே வந்து சேரப்போவது அதுதான்.

மாட்டிக்கொண்டது மழைப் பட்டியலில். வானிலைத் துறை கணக்கில் கனமழை 64.5 மில்லிமீட்டரில்தான் தொடங்குகிறது. அதற்குக் கீழே எல்லாம் வெட்டினால் பட்டியல் சுருங்கும், சரி, ஆனால் அறுவடை நேரத்தில் 20 மில்லிமீட்டரே வயலில் மெஷினை இறங்க விடாதே! எல்லையை மாதத்துக்கு மாதம் மாற்றலாமா? விவசாயம் பார்ப்பவர்கள் சொல்லுங்கள்.