ரெஜிஸ்ட்ரார் பதிவாளர் இல்லையென்றால் வேறு யார்?

மீனா, லெஸ்டர்

கலைச்சொல் குழுவினருக்கு வணக்கம்.

இங்கிலாந்தில் பிள்ளைகள் வீட்டுக்கு விசிட்டராக வந்து ஆறு மாதம் தங்கிப் போகும் அம்மா அப்பாக்களுக்காக ஒரு பக்கத் தாள் தயாரிக்கிறேன். இங்கே ஆஸ்பத்திரிக்குள் போக நேர்ந்தால் வந்து நிற்பவர் யார், பலகையில் இருப்பது என்ன என்று தமிழில் சொல்ல வேண்டும். அவுட்பேஷன்ட், கேஷுவால்ட்டி, மேட்ரன் எல்லாவற்றுக்கும் ஏதோ ஒரு சொல் கையில் இருக்கிறது. ரெஜிஸ்ட்ராருக்குத்தான் திண்டாடுகிறேன்.

ஏன் இவ்வளவு கவலை என்றால், போன குளிர்காலத்தில் என் மாமனாருக்கு நெஞ்சுவலி வந்தது. இரவு பதினொரு மணி. நான் வண்டியை நிறுத்தப் போன நேரத்தில் ஒரு நர்ஸ் வந்து, மெடிக்கல் ரெஜிஸ்ட்ரார் வந்து பார்ப்பார் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். மாமா முப்பது வருடம் சார்பதிவாளர் ஆபீசில் எழுத்தராக இருந்தவர். ரெஜிஸ்ட்ரார் என்றால் அவருக்குப் பத்திரமும் முத்திரையும்தான். சற்று நேரத்தில் ஒரு இளம்பெண் வந்து வலி எப்போது தொடங்கியது, என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று கேட்க, இவர் பெயரையும் வயதையும் மட்டும் சொல்லிவிட்டு, மிச்சத்தை டாக்டர் வந்ததும் சொல்கிறேன் என்று வாயை மூடிக்கொண்டார். வலி காலையிலேயே தொடங்கியது என்பது நான் உள்ளே வந்த பிறகுதான் அந்தப் பெண்ணுக்குத் தெரிந்தது. அரை மணி நேரம் போய்விட்டது. மாமா நன்றாக இருக்கிறார், அது வேறு.

இங்கே ஆஸ்பத்திரி ரெஜிஸ்ட்ரார் என்றால் டாக்டர். எனவே பதிவாளர் வேண்டாம். வேறு என்ன சொல்லலாம்?

தியாகராஜன், கோவை

பதிவாளர் என்பதில் என்ன தவறு என்று எனக்குப் புரியவில்லை. மூலச்சொல்லே அதுதானே. 19ஆம் நூற்றாண்டில் லண்டன் பெரிய ஆஸ்பத்திரிகளில் ரெஜிஸ்ட்ரார் என்று நியமிக்கப்பட்டவரின் வேலையே, வந்த நோயாளி யார், என்ன நோய், எப்படி முடிந்தது என்று பதிந்து வைத்து ஆண்டுக் கணக்கு எழுதுவதுதான். அந்த வேலைக்கு டாக்டரைத்தான் வைத்தார்கள். வேலை மாறியது, பெயர் நின்றது. தமிழிலும் அப்படியே நிற்கட்டுமே. மருத்துவப் பதிவாளர் என்று முன்னால் ஒரு சொல் சேர்த்தால் குழப்பம் தீர்ந்தது.

அன்வர், தஞ்சாவூர்

மீனா அவர்களே, நல்ல முயற்சி. விசிட்டருக்கு என்று எழுதுவதால் முதலில் பார்வையாளர் நேரத்தைப் போடுங்கள். எங்கள் ஊரில் அத்தாவைப் பெரியாஸ்பத்திரியில் சேர்த்திருந்தபோது, பாஸ் இல்லாமல் சாப்பாட்டுக் கேரியரோடு கேட்டில் நின்ற கதை எனக்குத்தான் தெரியும். ஒரு கட்டிலுக்கு எத்தனை பேர், குழந்தையை விடுவார்களா, வெளிச்சாப்பாடு கொண்டுபோகலாமா, இதெல்லாம் முக்கியம். ரெஜிஸ்ட்ரார் யாராக இருந்தால் நமக்கென்ன?

மீனா, லெஸ்டர்

அன்வர் பாய், நான் சொன்ன விசிட்டர் ஊருக்கு வந்தவர். நீங்கள் சொல்வது கட்டிலைப் பார்க்க வந்தவர். ஆனாலும் இந்தக் குழப்பம் எனக்கு உதவிதான். தாளின் தலைப்பில் பார்வையாளர் என்று போட இருந்தேன், இனி விருந்தாளியாக வந்த பெற்றோர் என்றே போடுகிறேன்.

தியாகராஜன் சார், மருத்துவப் பதிவாளர் என்று சொல்லியிருந்தால் மாமா இன்னும் உறுதியாக வாயை மூடியிருப்பார். ஆஸ்பத்திரியில் சீட்டுப் போடுகிறவர் என்றுதானே அதற்குப் பொருள் படும்?

சிவகுமாரி, லண்டன்

நான் யாழ்ப்பாணத்தில் படித்து, இங்கே வந்து பல வருடம் வேலை செய்து ஓய்வுபெற்ற வைத்தியர். தியாகராஜன் ஐயா சொன்ன வரலாறு சரி. ஆனால் அதை வைத்துக்கொண்டு இன்று பெயர் சூட்ட முடியாது.

இங்கே ஒருவர் ஐந்து ஆறு வருடம் மருத்துவம் படித்து முடித்ததும் இரண்டு வருடம் அடிப்படைப் பயிற்சி. அதற்குமேல் இரண்டு மூன்று வருடம் ஒரு துறையின் பொதுவேலை. அதன்பிறகுதான் ரெஜிஸ்ட்ரார். ஆக, அந்த இளம்பெண்ணைப் பார்த்ததும் மாணவி என்று நினைத்திருந்தால் அதுவும் தவறு. குறைந்தது நாலு வருட அனுபவமாவது இருந்திருக்கும். இரவு வேளையில் அவருக்கு மேலே உள்ள கன்சல்டன்ட் வீட்டில் இருப்பார், தேவையென்றால் போனில் வருவார். பொது மருத்துவத்தைப் பொறுத்தவரை கட்டடத்துக்குள் இருக்கும் மூத்தவர் பெரும்பாலும் அந்த மெடிக்கல் ரெஜிஸ்ட்ரார்தான். யாருக்காவது இதயம் நின்றால் ஓடிவரும் குழுவை நடத்துபவரும் அவரே. உங்கள் மாமா எந்த டாக்டருக்காகக் காத்திருந்தாரோ, அந்த டாக்டரிடம்தான் பேசாமல் இருந்திருக்கிறார்.

இலங்கையிலும் ரெஜிஸ்ட்ரார், அதற்குமேல் சீனியர் ரெஜிஸ்ட்ரார் என்று உண்டு. நாங்கள் ஆங்கிலத்திலேயே சொல்லிவிடுவோம். கன்சல்டன்டுக்கு மட்டும் வைத்திய நிபுணர் என்ற சொல் நன்றாக ஊன்றிவிட்டது. தயவுசெய்து ஆலோசகர் என்று போடாதீர்கள் பிள்ளை. ஆலோசனை சொல்லிவிட்டுப் போகிறவர் இல்லை அவர். நோயாளிக்கு முழுப்பொறுப்பும் அவருடையது.

முத்து, சிங்கப்பூர்

முதுநிலைப் பயிற்சி மருத்துவர் என்று போடலாமே? பயிற்சியில்தானே இருக்கிறார்.

சிவகுமாரி, லண்டன்

பயிற்சி என்ற சொல் வந்தாலே எங்கள் ஆட்கள் பெரிய டாக்டரைக் கூப்பிடு என்பார்கள். ஆங்கிலத்திலேயே இந்தச் சண்டை நடந்து முடிந்தது. கன்சல்டன்டுக்குக் கீழே உள்ள எல்லாரையும் ஜூனியர் டாக்டர் என்று அழைத்துவந்தார்கள். பத்து வருட அனுபவக்காரரும் அதில் அடக்கம். நோயாளிகள் அவர்களை மாணவர் என்று எண்ணுகிறார்கள் என்று சொல்லி, 2024 செப்டம்பரில் ரெசிடென்ட் டாக்டர் என்று மாற்றினார்கள். அவர்கள் கழற்றிப் போட்டதை நாம் எடுத்து மாட்டுவானேன்?

முத்து, சிங்கப்பூர்

சரி அக்கா, பயிற்சி வேண்டாம். அப்படியானால் என் இரண்டாவது முயற்சி: கன்சல்டன்ட் நிபுணர், ரெஜிஸ்ட்ரார் துணை நிபுணர். துணை ஆட்சியரை யாரும் பயிற்சியில் இருப்பவர் என்று நினைப்பதில்லை. மேலே ஒருவர் இருக்கிறார், ஆனால் இவரே முடிவெடுக்கலாம் என்பது அந்த ஒரு சொல்லிலேயே வந்துவிடுகிறது.

மீனா, லெஸ்டர்

பிரமாதம்! மாமாவிடம் சொல்லிப் பார்த்தேன். "அப்படிச் சொல்லியிருந்தா எழுந்து உக்காந்திருப்பேனே" என்றார்.

ஜெயந்தி, மதுரை

கொண்டாட்டத்தைக் கெடுப்பதற்கு மன்னிக்கவும். நான் இங்கே செவிலியர். துணை நிபுணர் என்பதை யாராவது துணை மருத்துவ நிபுணர் என்று நீட்டினால் கதை கந்தல். எங்கள் ஊரில் துணை மருத்துவப் படிப்பு என்றால் லேப் டெக்னீஷியன், எக்ஸ்ரே, டயாலிசிஸ். விண்ணப்பம் போடும் பிள்ளைகள் வீட்டில் எல்லாருக்கும் பழகிய சொல் அது. டாக்டரை அந்த வரிசையில் கொண்டுபோய் நிறுத்திவிடுவார்கள்.

மேட்ரனுக்குத் தலைமைச் செவிலியர் என்று போட்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். ஒருமுறை யோசியுங்கள். இங்கே நாங்கள் எல்லாரும் சிஸ்டர்தான். நேற்று வேலையில் சேர்ந்த பெண்ணும் சிஸ்டர். உங்கள் ஊரில் எப்படி?

சிவகுமாரி, லண்டன்

ஜெயந்தி கேட்டது நல்ல கேள்வி. இங்கே சிஸ்டர் என்பது பதவி. ஒரு வார்டை நடத்துகிறவர்தான் சிஸ்டர், ஆணாக இருந்தால் சார்ஜ் நர்ஸ். தலைமைச் செவிலியர் என்ற சொல் அவருக்குத்தான் பொருந்தும். மேட்ரன் அவருக்கும் மேலே, பல வார்டுகளுக்குப் பொறுப்பு. ஆண் மேட்ரன்களும் உண்டு, பெயர் மாறாது. 1966இல் செவிலியர் பதவி அமைப்பைப் பற்றிய சால்மன் குழு அறிக்கை வந்த பிறகு அந்தப் பதவியே மறைந்துபோய், 2000த்தின் தொடக்கத்தில் மறுபடி கொண்டுவந்தார்கள். வார்டு அழுக்காக இருக்கிறது, அம்மாவைச் சரியாகக் கவனிக்கவில்லை என்று சிஸ்டரிடம் சொல்லியும் ஒன்றும் நடக்கவில்லை என்றால் அடுத்துக் கேட்க வேண்டிய ஆள் மேட்ரன். தாளில் அந்த ஒரு வரியைப் போட்டால் போதும்.

அப்புறம் முத்துவின் சொல். எனக்கும் பிடித்தது, ஆனால் இங்கே அசோசியேட் ஸ்பெஷலிஸ்ட் என்று வேறொரு பதவி இருந்தது. 2008க்குப் பிறகு புதிதாக யாரையும் அதில் எடுப்பதில்லை, பழையவர்கள் இன்னும் இருக்கிறார்கள். துணை நிபுணர் என்று மொழிபெயர்த்தால் அதுதான் நேராக வந்து உட்காரும். அவர்கள் ரெஜிஸ்ட்ரார் இல்லை.

ஜெயந்தி, மதுரை

மேட்ரனுக்கு எங்களிடம் செவிலியர் கண்காணிப்பாளர் இருக்கிறாரே. பல வார்டுகளைப் பார்ப்பவர், புகாரும் அவரிடம்தான் போகும். அதையே வைத்துக்கொள்ளுங்கள்.

தியாகராஜன், கோவை

வார்டு என்று எல்லாரும் எழுதுகிறீர்கள். இலங்கைத் தமிழில் விடுதி என்று அழகான சொல் இருக்கிறதே?

அன்வர், தஞ்சாவூர்

சார், "உங்க அத்தாவை விடுதியில சேர்த்திருக்கோம்" என்றால் நான் லாட்ஜைத் தேடிப் போவேன்.

எனக்கு ஒரு உண்மையான சந்தேகம். என் மகள் மான்செஸ்டரில் இருக்கிறாள், அடுத்த வருடம் நாங்கள் போகிறோம். அவுட்பேஷன்ட் என்றால் நம் ஓபிதானே? காலையில் போய் சீட்டு வாங்கிப் பார்த்துவிடலாமா?

மீனா, லெஸ்டர்

அதுதான் இல்லை பாய். புறநோயாளி என்ற சொல்லில் பிழை இல்லை, நம் ஆட்கள் அதை வைத்துக்கொண்டு நடந்துகொள்ளும் விதத்தில்தான் பிழை. இங்கே ஓபி சீட்டுக் கவுண்டரே கிடையாது. வீட்டுப் பக்கத்து ஜிபி டாக்டர் எழுதி அனுப்பி, ஆஸ்பத்திரியிலிருந்து நாளும் நேரமும் வந்த பிறகுதான் போக முடியும். அந்தக் கடிதத்தில் ஒரு கன்சல்டன்ட் பெயர் இருக்கும். போனால் பார்ப்பவர் பெரும்பாலும் அவருடைய ரெஜிஸ்ட்ரார். என் அம்மா இரண்டாவது தடவை போனபோது, பெயர் மாறியிருக்கிறது, தப்பான அறைக்கு வந்துவிட்டோம் என்று எழுந்தே வந்துவிட்டார். தாளில் நேரம் குறித்த புறநோயாளி என்று எழுதப்போகிறேன்.

உடனே பார்க்க வேண்டிய ஆபத்து என்றால் கேஷுவால்ட்டி. பலகையில் அந்தச் சொல் அநேகமாக இருக்காது. 1962இல் பிளாட் குழு பெயரை மாற்றச் சொன்ன பிறகு ஏ அண்ட் இ ஆனது, இப்போது எமர்ஜென்சி டிபார்ட்மென்ட் என்றும் எழுதுகிறார்கள். கேஷுவால்ட்டி எங்கே என்று வாயால் கேட்டால் யாரும் வழி காட்டுவார்கள். தமிழில் அவசர சிகிச்சைப் பிரிவு, அவ்வளவுதான். விபத்து என்ற சொல்லை விட்டுவிட்டேன். நெஞ்சுவலிக்காரர் எனக்கு விபத்து நடக்கவில்லையே என்று தயங்கக் கூடாது.

சிவகுமாரி, லண்டன்

ஒன்று சேர்த்துக்கொள் பிள்ளை. அந்தப் பிரிவில் பார்ப்பதற்கு வெளிநாட்டு விருந்தாளியிடமும் காசு கேட்பதில்லை. வார்டில் சேர்த்தால் அங்கிருந்து கட்டணம் தொடங்கலாம். அதற்கென்று ஒரு அலுவலர் வந்து விசா விவரம் கேட்பார். அவரைக் கண்டு பயந்து வீட்டுக்கு ஓடிவிடாதீர்கள், காப்புறுதி எண்ணை எடுத்து வையுங்கள்.

முத்து, சிங்கப்பூர்

கடைசியில் ரெஜிஸ்ட்ரார் என்ன ஆனார்?

மீனா, லெஸ்டர்

இப்போதைக்கு இப்படி எழுதியிருக்கிறேன்: "ரெஜிஸ்ட்ரார் என்று சொல்லிக்கொண்டு வருபவர் டாக்டர். நிபுணருக்கு அடுத்த நிலையில் இருப்பவர். எல்லாவற்றையும் இவரிடமே சொல்லுங்கள்." சொல்லை மாற்றவில்லை, காதில் விழப்போவது அந்த ஒலிதான் என்பதால்.

தியாகராஜன், கோவை

அது விளக்கம் அம்மா, கலைச்சொல் இல்லை. அகராதியில் மூன்று வாக்கியம் போட முடியாது. அடுத்தநிலை மருத்துவர் என்று சுருக்கிப் பாருங்கள்.

ஜெயந்தி, மதுரை

எதற்கு அடுத்த நிலை என்று கேட்பார்களே சார்?