கண்ணாடி வரைந்தேன், கம்பி வளையம் வந்தது

கல்லடியான்:
போன மாதம் ஓய்வு பெறும், கண்ணாடி போட்ட ஆசிரியர் ஒருவருக்கு அவருடைய மாணவர்கள் தட்டை பாணியில் படம் கேட்டார்கள். ஏழெட்டு நிறத்தில் முடிகிற வேலை. போட்டோவை இன்க்ஸ்கேப்பில் வைத்து வரைந்தேன். முகம் அச்சு அசல். ஆனால் அவருடைய மகள், "அப்பா கம்பி வளையம் மாட்டின மாதிரி இருக்கு" என்றார்.

இரண்டு நாள் ஒன்றும் பிடிபடவில்லை. பிறகு போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். நெற்றிப்பொட்டிலிருந்து இறங்கும் முகக்கோடு, கண்ணாடிக்குள் வந்ததும் மூக்குப் பக்கம் நகர்கிறது. பிரேமுக்குக் கீழே பழைய இடத்துக்குத் திரும்புகிறது. போட்டோ கோணல் என்று நினைத்து, நான் அதை ஒரே கோடாக இழுத்திருந்தேன்!

முகத்தைப் பிரதி எடுத்து, வில்லைக்குள் மட்டும் தெரியும்படி கிளிப் செய்து, ஓரத்தை நாலு மில்லிமீட்டர் உள்ளே தள்ளினேன். இடைவெளியில் பின்னணி நிறத்தை நிரப்பினேன். அவ்வளவுதான், கண்ணாடி ஆகிவிட்டது.

கல்முனை கண்ணாடிக்கடை:
அவருக்கு மைனஸ் பவர், அதுவும் நல்ல கூட. அந்த வில்லை நடுவில் மெல்லிசு, ஓரம் தடிப்பு. உள்ளே தெரிகிற எல்லாம் சுருங்கும். கண்ணையும் கொஞ்சம் சின்னதாக்குங்கள். வெள்ளெழுத்துக்குப் போடும் பிளஸ் கண்ணாடியில் எல்லாம் நேர்மாறு: கண் பெரிதாகும், முகக்கோடு வெளியே போகும். எல்லோருக்கும் உள்ளே தள்ளிவிடாதீர்கள்.

காத்தான்குடி டிசைன்:
இவ்வளவு பாடு எதற்கு? ஜன்னல் வெளிச்சம் பட்ட மாதிரி இரண்டு வில்லையிலும் சரிவாக ஒரு வெள்ளைப் பட்டை போட்டால் போதும். நான் அப்படித்தான் செய்கிறேன்.

கல்லடியான்:
நானும் போட்டேன் தம்பி. ஒரு பக்கம் வரைந்து மறுபக்கம் புரட்டி ஒட்டினேன். இரண்டு பட்டையும் மூக்கைப் பார்த்துச் சாய்ந்து, கோபப்பட்ட புருவம் மாதிரி ஆனது. ஜன்னல் ஒன்றுதானே, இரண்டும் ஒரே பக்கம் சாய வேண்டும். புரட்டாமல் அப்படியே நகர்த்தி வைத்தேன். கருவிழியில் ஏறாமல் மேல்மூலையோடு நிறுத்தி, ஒளிபுகாமையை 20 சதவீதத்துக்கு இறக்கினேன். அதற்கு மேல் போனால் வில்லையில் பிளாஸ்டர் ஒட்டின மாதிரி இருக்கிறது. பவர் கூடினவருக்குப் பட்டை மட்டும் போதாது. முகக்கோடு நேராக இருந்தால் பட்டைக்குப் பின்னாலும் வெறும் வளையம்தான்.

அக்கரைப்பற்று:
என் உம்மாவின் பாஸ்போர்ட் போட்டோவிலும் இதே வெளிச்சப் பிரச்சினை. கண்ணாடிக் காலைக் காதிலிருந்து கொஞ்சம் தூக்கி, வில்லை கீழே பார்க்கிற மாதிரி வைத்து எடுத்தோம், போய்விட்டது.

கல்லடியான்:
அது போட்டோ எடுக்கிறவருக்கு, தங்கச்சி. எனக்கு வெளிச்சம் கொஞ்சம் வேண்டும்.

கல்முனை கண்ணாடிக்கடை:
ஒன்று விட்டுப்போச்சு. வெளிச்சம் தெறிக்காமல் இருக்கக் கோட்டிங் போட்ட வில்லையில் வெளிச்சம் வெள்ளையாக வராது, பெரும்பாலும் இளம்பச்சையாக வரும்.

காத்தான்குடி டிசைன்:
தட்டைப் படத்தில் பச்சை போட்டால் கண்ணில் நோய் என்பார்கள்.

கல்லடியான்:
பச்சையும் போட்டுப் பார்த்தேன். மகளுக்குப் பிடித்தது, மாணவர்களுக்குப் பிடிக்கவில்லை. இரண்டையும் அச்சடித்துக் கொடுத்துவிட்டேன்.