பொருள்: புஷ்டவுன் ஆட்டோமேட்டனுக்குத் தமிழ்ச்சொல் வேண்டும்

தேவகி, வியாசர்பாடி

அனைவருக்கும் வணக்கம். எங்கள் மாலை வகுப்புக் குறிப்பேட்டில் ஃபைனைட் ஆட்டோமேட்டனுக்கு ‘வரம்புநிலைப் பொறி’ என்றும், கான்டெக்ஸ்ட் ஃப்ரீ கிராமருக்குச் ‘சூழல்சாரா இலக்கணம்’ என்றும் எழுதியிருக்கிறோம். அந்த இலக்கணத்துக்கு ஈடான பொறிக்குத்தான் பெயர் இல்லை. ‘கீழ்த்தள்ளு பொறி’ என்று ஒரு மாணவர் எழுதினார். எதைத் தள்ளுகிறது என்று பக்கத்தில் இருந்தவருக்கே புரியவில்லை.

ஜோசப், ராயபுரம்

‘எண்ணுபொறி’ போதும் அக்கா. திறக்கும் அடைப்பு வந்தால் ஒன்று கூட்டு, மூடினால் ஒன்று கழி. நடுவில் பூஜ்யத்துக்குக் கீழே போகக் கூடாது, கடைசியில் பூஜ்யமாக நிற்க வேண்டும். வரம்புநிலைப் பொறிக்கு இந்த எண்ணிக்கைதான் வராது.

பஷீர், திருவொற்றியூர்

அடைப்புக்குறி என்றதும் என் தலைவலி ஞாபகம் வந்தது. கன்டெய்னர் யார்டு மென்பொருளில் இப்படி ஒரு ரெஜெக்ஸ் வைத்திருக்கிறேன்:

```
echo '(a(b(c)))' | grep -oE '\(([^()]|\([^()]*\))*\)'
```

`(b(c))` என்று மட்டும் வருகிறது. வெளி அடைப்பு எங்கே போச்சு? சரியான ரெஜெக்ஸ் யாராவது கொடுங்களேன்.

சண்முகம், பெரம்பூர்

பஷீர் தம்பி, உங்கள் ரெஜெக்ஸுக்கு இரண்டு ஆழம்தான் தெரியும். மூன்றாவது வந்ததும் முதல் எழுத்தில் தொடங்கிய முயற்சி தோற்கிறது. உடனே உள்ளே நகர்ந்து, பொருந்துகிற துண்டைக் கொடுத்துவிடுகிறது. பிழைச்செய்தி வராததால்தான் இது ஆபத்து. மூன்று ஆழத்துக்கு நீட்டினால் நான்கில் இதே கதை. `grep -P` இருந்தால் `\(([^()]|(?R))*\)` போட்டுப் பாருங்கள், முழுசாக வரும். ஆனால் `(?R)` முழு வடிவத்தையும் தனக்குள்ளே மறுபடி அழைக்கிறது. பெயர் ரெஜெக்ஸ் என்றாலும், க்ளீனி 1956-இல் வெளியிட்ட கோட்பாட்டின் எல்லையை அது தாண்டிவிட்டது.

ஏன் நீட்டிக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது? ஐந்து நிலை உள்ள ஒரு பொறி என்று வையுங்கள். அதற்கு ஒன்றுமே கொடுக்காமல், பிறகு ஒரு திறப்பு, இரண்டு திறப்பு என்று ஐந்து வரை கொடுத்துப் பாருங்கள். சூழ்நிலைகள் ஆறு, நிலைகள் ஐந்து. ஏதோ இரண்டு ஒரே நிலையில் வந்து நின்றாக வேண்டும். இரண்டு திறப்பும் நான்கு திறப்பும் அப்படி நின்றன என்போம். இனி இரண்டுக்கும் `))` கொடுங்கள். `(())` சரி, `(((())` தவறு. பொறிக்கோ இரண்டும் ஒன்றுதான், ஒரே பதிலைத்தான் சொல்லும். ஐந்துக்குப் பதில் ஐயாயிரம் நிலை கொடுத்தாலும் இதே வாதம் செல்லும்.

ஜோசப், ஒரே வகை அடைப்புக்கு உங்கள் எண்ணிக்கை சரி. `([)]` என்பதைப் பாருங்கள். இரு வகைக்கும் தனித்தனியாக எண்ணினால் எங்கேயும் கீழே போகாமல் இரண்டும் பூஜ்யத்தில் முடியும், ஆனால் பின்னல் தவறு. எத்தனை திறந்தோம் என்பதோடு, கடைசியாக எதைத் திறந்தோம் என்பதும் நினைவில் இருக்க வேண்டும். இலக்கணம் அதை இப்படிச் சொல்லிவிடுகிறது:

```
S → (S)S | [S]S | ε
```

பஷீர்

`-P` வேலை செய்தது ஐயா, நன்றி. நீங்கள் சொல்வது எங்கள் யார்டில் பெட்டி அடுக்குகிற மாதிரிதான் இருக்கிறது. மேலே இருக்கிறதை இறக்காமல் கீழே இருக்கிறதைத் தொட முடியாது. `)` வரும்போது மேலே `[` உட்கார்ந்திருந்தால் அங்கேயே நிறுத்திவிடலாம்.

தேவகி

அப்படியென்றால் ‘எண்ணுபொறி’ வேண்டாம். பெயரில் ‘அடுக்கு’ வரட்டும்: ‘அடுக்குப்பொறி’.

ஜோசப்

நெட்வொர்க் பாடத்தில் லேயருக்கும் அடுக்கு என்றுதானே சொல்கிறோம்? குழம்பும். அதோடு, இரண்டு எண்ணிகள் இருந்தால் எதையும் கணக்கிடலாம் என்று மின்ஸ்கி நிரூபித்திருக்கிறாரே. ‘எண்ணுபொறி’யை இவ்வளவு சீக்கிரம் தள்ளிவிட வேண்டாம்.

சண்முகம்

மின்ஸ்கியின் முடிவு உண்மை. அங்கே முழு அடுக்கையும் ஒரே எண்ணாக மாற்றி வைத்து, இரண்டாவது எண்ணியைக் கொண்டு பெருக்கியும் வகுத்தும் படிக்கிறார்கள். அது வகைக்கு ஓர் எண்ணி வைக்கிற வழி இல்லை. தவிர, அந்தப் பொறியின் வலு டியூரிங் பொறி அளவுக்குப் போய்விடும். நமக்குப் பெயர் வேண்டியது அதைவிட வலு குறைந்த, மேல்தட்டை மட்டும் தொடுகிற பொறிக்கு. லேயர் குழப்பம் தீர ‘அடுக்குநினைவுப் பொறி’ என்று மூன்று எழுத்து கூட்டிக்கொள்ளலாம்.

தேவகி

இந்தப் பருவத்துக் குறிப்பேட்டில் ‘அடுக்குநினைவுப் பொறி’ என்றே போடுகிறேன். ஜோசப்பின் ‘எண்ணுபொறி’யை ஒற்றை எண்ணி உள்ள பொறிக்கு வைத்துக்கொள்ளலாம், அதுவும் பாடத்தில் வருகிறது. ரெகுலர் எக்ஸ்பிரஷனுக்குச் சொல் இன்னும் அமையவில்லை. `(?R)` உள்ளதையும் இல்லாததையும் ஒரே பெயரால் அழைக்கலாமா என்பதற்கு விடை தெரிந்தால்தான் அதைத் தொட முடியும்.

ஜோசப்

கூடாது என்பேன். தனி இழையில் எழுதுகிறேன்.